எண் இல்லாத சீட்டு

ஒரு நாளிதழில் 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதியைச் சில ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை வருகிற தபாலில் என்ன இருக்கும் என்று உறையைத் தொட்டதுமே சொல்லிவிடலாம். ஒன்று குடிநீர், இல்லையென்றால் பள்ளிக் கட்டணம். குடிநீர்க் கடிதங்களில் தெருப் பெயர் இருக்கும், எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று இருக்கும், காலிக் குடத்தோடு பெண்கள் நின்ற நேரம்கூட இருக்கும். பள்ளிக் கட்டணக் கடிதங்களில் இதெல்லாம் எதுவும் இருக்காது. 'கல்வி வியாபாரமாகிவிட்டது' என்று தொடங்கி, 'அரசு இரும்புக்கரம் கொண்டு ஒடுக்க வேண்டும்' என்று முடியும். நடுவில் ஒரு எண்கூட இருக்காது. வாரத்துக்கு ஒன்றை எடுத்து ஐந்து வரியாகச் சுருக்கிப் போடுவோம். போட்டதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு மே மாதம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். மகள் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்திருந்தாள். 'கட்டணத்தைக் கண்டபடி ஏற்றிவிட்டார்கள்' என்று எழுதியிருந்தார். கீழே கைபேசி எண் இருந்ததால் கூப்பிட்டேன்.

"எவ்வளவு ஏத்திட்டாங்க சார்?"

"அது... எல்லாம் சேர்த்து அம்பதாயிரம் ஆயிருச்சு சார்."

"ஃபீஸ் மட்டும் எவ்வளவு?"

அவருக்குத் தெரியவில்லை. கட்டுகிற அன்றைக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாராம். சீட்டுகளையெல்லாம் மனைவிதான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார் என்றார். அந்த டின்னைக் கொட்டி எல்லாவற்றையும் வரிசையாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் வாட்ஸப்பில் பதினான்கு படங்கள் வந்தன.

அவற்றில் மூன்று ரசீதுகள் ஒழுங்கானவை. பள்ளியின் பெயர், வரிசை எண், மாணவியின் பெயர், 'டியூஷன் ஃபீஸ்' என்ற தலைப்பு, தவணைக்கு 6,000 ரூபாய். ஆக மூன்று தவணைக்கு 18,000. நான்காவது ரசீது வேறொரு பெயரில், பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. 'நன்கொடையாக நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்று அச்சடித்து 7,500 ரூபாய் எழுதியிருந்தது. மற்றவையெல்லாம் துண்டுச் சீட்டுகள். புத்தகம், நோட்டுக் கட்டுக்கு 6,850. யூனிஃபார்ம், ஷூவுக்கு 4,400; இது பள்ளி கைகாட்டிய கடையில் கொடுத்தது. ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, டைரி, அடையாள அட்டை எல்லாம் சேர்த்து 5,250. வேனுக்கு மாதம் 825 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 9,900. கூட்டினால் 51,900 ரூபாய்.

கடைக்காரர் என்பதால் அவர் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. "சார், நான் ஒரு பிரேக் ஷூ வித்தாக்கூட பில் நம்பர் போட்டுத்தான் குடுக்கணும். இந்தச் சீட்டுல எதுலயுமே நம்பர் இல்லை பாருங்க." அதற்குப் பிறகுதான் நானும் பார்த்தேன். எண் இருந்தவை அந்த மூன்று ரசீதும், அறக்கட்டளை ரசீதும் மட்டுமே.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளி தன் இஷ்டத்துக்குக் கட்டணம் வைக்க முடியாது. 2009-ல் கொண்டுவந்த பள்ளிக் கட்டண முறைப்படுத்தும் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. நீதிபதி கோவிந்தராஜன் தலைமையிலான முதல் குழு 2010 மே மாதம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டணம் விதித்தபோது பெரிய அமளியே நடந்தது. தொகை போதாது என்று ஆயிரக்கணக்கான பள்ளிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் ஏற்பாடு நின்றுவிட்டது. பள்ளி தன் வரவுசெலவுக் கணக்கைக் குழுவிடம் கொடுக்கும். பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாகச் செலவு, பராமரிப்பு, பள்ளி வளர்வதற்கு வேண்டிய நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து, வகுப்பு வாரியாக ஆண்டுக்கு இவ்வளவு என்று குழு உத்தரவு போடும். மூன்று கல்வியாண்டுகளுக்கு அது செல்லும். அதற்கு மேல் வாங்கினால் வாங்கிய கூடுதலைத் திருப்பித் தர வேண்டும். குற்றம் நிரூபணமானால் மூன்றாண்டிலிருந்து ஏழாண்டு வரை சிறை என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. அப்படிச் சிறைக்குப் போன தாளாளர் யாரையும் நான் பார்த்ததில்லை என்பது வேறு.

ஆகவே கட்டணம் பற்றிப் பேசுமுன் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் காகிதம் குழுவின் உத்தரவு. பள்ளியிடம் அதன் நகல் இருக்கும். பள்ளி தர மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டும் வாங்கலாம். நம் கடைக்காரர் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இரண்டு முறை ஏறி இறங்கி, மூன்றாவது முறை ஒரு கிளார்க்கின் தயவில் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், நாலாவதுக்குப் பதினெட்டாயிரம்தான் போட்டிருக்காங்க."

அதாவது பள்ளி வாங்கியதும் அதே பதினெட்டாயிரம். ஒரு ரூபாய் கூடவில்லை.

அவர் குரல் இறங்கிப்போய்விட்டது. புகார் சொல்ல ஒன்றுமில்லையே என்று நினைத்துவிட்டார். நானோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் முதலில் எழுதி அனுப்பியபடியே நாங்கள் கடிதத்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'அரசு விதித்த கட்டணத்தைத்தான் வாங்குகிறோம்' என்று பள்ளி உத்தரவு நகலோடு மறுப்பு அனுப்பியிருக்கும். மறுப்பு உண்மையாகவும் இருந்திருக்கும். கடைக்காரர் பொய்யராகியிருப்பார். கட்டணம் ஏறிவிட்டது என்று பெற்றோர் போடும் கூச்சல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறது. கட்டணம் என்ற தலைப்பில் வாங்குவது சட்டத்துக்குள் இருக்கும். அந்தத் தலைப்புக்கு வெளியே போனது 33,900 ரூபாய். மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு.

அந்த 33,900 முழுவதும் தவறென்று சொல்லிவிட முடியாது. வேனும் யூனிஃபார்மும் புத்தகமும் கல்விக் கட்டணத்துக்கு வெளியே நிற்பவை; அவற்றுக்குத் தனியாகப் பணம் வாங்கலாம். அப்படியென்றால் எங்கே உரசிப் பார்ப்பது? நானும் அவரும் தொலைபேசியிலேயே ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்தோம்.

புத்தகக் கட்டை மகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். பாடநூல் கழகம் அச்சிட்ட சமச்சீர்ப் புத்தகங்கள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். பாடநூல் கழகப் புத்தகத்தில் விலை அச்சாகியிருக்கும், அந்த விலையில் யாரும் கைவைக்க முடியாது. அவற்றின் விலையெல்லாம் சேர்த்தும் கட்டின் விலையில் சின்னப் பங்குதான் வந்தது. மீதியெல்லாம் தனியார் பதிப்பகத்தின் ஆங்கில இலக்கணம், பொது அறிவு, கம்ப்யூட்டர், நன்னெறி, கையெழுத்துப் பயிற்சி, பிறகு பள்ளியின் முத்திரை போட்ட நோட்டுகள். கையெழுத்துப் பயிற்சிப் புத்தகத்தில் ஏழு பக்கம்தான் எழுதியிருந்தாள். நன்னெறிப் புத்தகம் வாங்கிய மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைத்தெருவில் அதே பக்க அளவு நோட்டு என்ன விலை என்று அவர் விசாரித்துவிட்டு, "முத்திரைக்குக் காசு குடுத்திருக்கோம் சார்" என்றார்.

ஸ்மார்ட் கிளாஸ் சீட்டில் வேறொரு கேள்வி இருக்கிறது. பள்ளி குழுவிடம் கொடுக்கும் வரவுசெலவுக் கணக்கில் கம்ப்யூட்டர், புரொஜெக்டர், மின்சாரம், பராமரிப்பு எல்லாம் ஏற்கெனவே செலவாகக் காட்டியிருக்குமானால், அந்தச் செலவு பதினெட்டாயிரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதற்கே தனியாக 2,500 வாங்கினால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை. பெற்றோர் நேரடியாக அந்தக் கணக்கைப் பார்க்க முடியாது. ஆனால் இந்தத் தொகை உங்கள் உத்தரவுக்கு உள்ளேயா வெளியேயா என்று குழுவிடம் எழுத்தில் கேட்க முடியும்.

அறக்கட்டளை ரசீதுதான் எல்லாவற்றிலும் கனமானது. நன்கொடை என்றால் கொடுப்பவன் மனமுவந்து கொடுப்பது. பள்ளி திறந்த அன்று அந்த ரசீதைக் காட்டினால்தான் புத்தகக் கட்டு கைக்கு வரும் என்று கவுன்டரில் சொன்னார்களாம். அப்படிச் சொன்ன நொடியிலேயே அது நன்கொடை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009 இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: பள்ளி அறிவித்த கட்டணத்தைத் தவிர எந்தப் பெயரில் வாங்கும் நன்கொடையும் பங்களிப்பும் தொகையும் 'கேபிடேஷன்' கட்டணம்தான். பிள்ளையைச் சேர்க்கும்போது அதை வாங்கினால், வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். நம் கடைக்காரரின் மகள் புதிதாகச் சேர்ந்தவள் இல்லை, மூன்றிலிருந்து நான்குக்குப் போனவள். பள்ளி அந்தச் சந்தில் நுழைந்து தப்பப் பார்க்கலாம். ஆனால் குழு விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது என்கிற மாநிலச் சட்டம், எந்த வகுப்பில் சேர்ப்பதற்கும் பொருந்துகிறது.

வேன் கணக்கு சின்னது. மே மாதம் வேன் ஓடவில்லை. ஆனாலும் 825 ரூபாய். டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா என்று பள்ளி சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கலாம். அப்படியானால் ஆண்டுத் தொகையைப் பதினொன்றால் வகுத்துச் சொல்லிவிடலாமே என்றார் அவர். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

பள்ளிகளின் பக்கமும் கொஞ்சம் கேட்டிருக்கிறேன். சின்ன ஊர்ப் பள்ளித் தாளாளர் ஒருவர் என்னிடம் சொன்னது: குழு விதிக்கும் தொகையை வைத்துக்கொண்டு நல்ல சம்பளத்துக்கு டீச்சர் வைக்க முடியாது, 25 சதவீத இலவச இடங்களுக்கு அரசு தர வேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது, அந்தப் பள்ளத்தை எங்கே போய் நிரப்புவது? அவர் சொல்வதில் பொய் இல்லை. மத்திய அரசின் நிதி வராததால் 2025-ல் அந்த இலவச இடங்களுக்கான சேர்க்கையே பல மாதம் தள்ளிப்போனது. ஆனால் தொகை போதவில்லை என்றால் போக வேண்டிய இடம் குழு. அங்கே போய்க் கணக்கைக் காட்டினால் ஆடிட்டரின் கையெழுத்து வேண்டும், ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் துண்டுச் சீட்டு நீட்டுவதற்கு இதெல்லாம் வேண்டாம். முன்கதவை அடைத்தால் பணம் ஜன்னல் வழியாக வருகிறது.

சரி, கடிதத்துக்கு வருவோம். அவர் மறுபடி எழுதி அனுப்பியதை நான் கொஞ்சம் வெட்டினேன். அச்சானது இது:

'ஐயா, என் மகள் எங்கள் ஊர் மெட்ரிக் பள்ளி ஒன்றில் சென்ற ஆண்டு நான்காம் வகுப்பு படித்தாள். அந்த வகுப்புக்குக் கட்டண நிர்ணயக் குழு விதித்தது 18,000 ரூபாய். பள்ளி அதே தொகைக்கு ரசீது தந்தது. ஆனால் ஓராண்டில் நான் கட்டியது 51,900 ரூபாய். இதில் 7,500 ரூபாய் அறக்கட்டளைக்கு நன்கொடை. அந்த ரசீதைக் காட்டியவர்களுக்குத்தான் புத்தகம் தந்தார்கள். ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, டைரி, அடையாள அட்டைக்கு 5,250 ரூபாய். எண் இல்லாத துண்டுச் சீட்டுதான் ரசீது. வேன் ஓடாத மே மாதத்துக்கும் 825 ரூபாய். குழு விதித்த கட்டணத்தைப் பள்ளி வாசலில் எழுதிவைக்கவும், அதற்கு வெளியே வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது தரவும் கல்வித்துறை உத்தரவிட வேண்டும்.'

நான் வெட்டியவை மூன்று. 'கல்வி வியாபாரமாகிவிட்டது' என்ற முதல் வரி போனது. பள்ளியின் பெயர் போனது. இது அவருக்குப் பிடிக்கவில்லை. பெயரைப் போடாமல் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். பெயரைப் போட்டால் பத்திரிகை பள்ளியின் விளக்கத்தையும் கேட்டுப் போட வேண்டும். ஒரு எண் தவறினாலும் அவதூறு வழக்கு. அப்போது அது கடிதம் இல்லை, செய்தி. நிருபரை அனுப்பி விசாரித்து எழுத வேண்டியது. பெயரோடு அனுப்ப வேண்டியது குழுவுக்கு என்றேன். மூன்றாவதாகப் போனது புத்தகக் கட்டின் விலை. நோட்டு விலையை ஒப்பிட்டால் தாளின் தரம், பைண்டிங் என்று பேச்சு வேறு பக்கம் ஓடிவிடும். யூனிஃபார்மும் அப்படித்தான். கடிதத்தில் நிற்க வேண்டியது பள்ளியால் மறுக்க முடியாதது மட்டும்.

கடைசி வரியில் அவர் முதலில் எழுதியிருந்தது 'கட்டணத்தைக் குறைக்க வேண்டும்' என்பது. கட்டணத்தைக் குறைக்கும் வேலை குழுவினுடையது, பத்திரிகைக் கடிதம் படித்து அது நடக்காது. வாசலில் ஒரு பலகை, சீட்டில் ஒரு எண் என்று கேட்டால் ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் நினைத்தாலே ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம்.

குழுவுக்கு எழுதும் மனு வேறு மாதிரி. அதில் பள்ளியின் முழுப் பெயர், வகுப்பு, கல்வியாண்டு, குழு விதித்த தொகை, வாங்கிய தொகை, தேதிவாரியாக எல்லா ரசீது நகலும் வேண்டும். கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பில்லை. இங்கேதான் பெற்றோர் பின்வாங்குகிறார்கள். பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திவிடுவார்களோ, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்திவைக்கவோ, பாக்கி என்று அதில் எழுதவோ கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. ஆனால் வகுப்பறைக்குள் ஒரு டீச்சர் பார்க்கும் பார்வைக்கு எந்த நீதிமன்றமும் தடை போட முடியாது. அதனால் ஒருவராகப் போகாமல் நாலைந்து பேராகக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அறக்கட்டளை ரசீது ஒன்று இருந்தால் தனிக்கதை. ஒரே நாளில் வரிசை எண் அடுத்தடுத்து, ஒரே தொகைக்கு ஐந்து ரசீது இருந்தால் அதை மனமுவந்த நன்கொடை என்று சாதிக்க முடியாது.

கடைக்காரர் பள்ளி வாசலில் வேனுக்குக் காத்திருந்த பெற்றோரிடம் பேசிப் பார்த்தார். பதினோரு பேர் தலையாட்டினார்கள், நான்கு பேர் ரசீது கொண்டுவந்தார்கள், கையெழுத்துப் போட்டவர்கள் அவரோடு சேர்த்து மூன்று பேர். மூன்று ரசீதின் எண்களும் ஒன்றுக்கொன்று பத்துக்குள் இருந்தன. தொகை மூன்றிலும் 7,500. மனு பதிவுத் தபாலில் சென்னைக்குப் போனது, ஒரு நகல் மாவட்டத்தில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் கல்வி அலுவலருக்கு.

கடிதம் அச்சான அன்று காலை எனக்கு நான்கு அழைப்புகள் வந்தன. நான்குமே வெவ்வேறு ஊர்களின் பள்ளித் தாளாளர்கள். 'எங்க பள்ளியைத்தானே போட்டிருக்கீங்க?' என்று நான்கு பேரும் கேட்டார்கள்.

அடுத்த ஜூனில் கடைக்காரர் படம் ஒன்று அனுப்பினார். அறக்கட்டளை ரசீது அந்த ஆண்டு கேட்கவில்லை என்றார். வேனுக்குப் பதினொரு மாதம் என்று போட்டிருந்தது, மாதத்துக்கு 900. ஸ்மார்ட் கிளாஸ் சீட்டில் மேலே வலது ஓரத்தில் சிவப்பு மையில் 0412 என்று எண் அச்சாகியிருந்தது. தொகை 2,500-லிருந்து 3,000 ஆகியிருந்தது.